மூன்று முறை விற்ற ஸ்கிரிப்ட்

மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் பங்குகளை வாங்கிவிட்டு விற்காமலே வைத்திருக்கும் வீடுகள் நிறைய உண்டு. அப்பா காலத்தில் வாங்கியது, விற்க மனம் வராது, டிவிடெண்ட் வந்தால் போதும் என்ற நினைப்பு. அப்படிக் கிடக்கும் பங்கின் மேல் மாதாமாதம் கொஞ்சம் பணம் பார்க்கலாம் என்று சொல்லும் முறைதான் கவர்டு கால். கையில் உள்ள பங்கை, இன்ன தேதியில் இன்ன விலைக்குத் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டு, அந்த ஒப்புதலுக்கு இன்றைக்கே ஒரு பிரீமியம் வாங்கிக்கொள்வது. விலை அந்த அளவுக்கு ஏறாவிட்டால் பிரீமியமும் நமக்கு, பங்கும் நமக்கு. ஏறிவிட்டால் சொன்ன விலைக்குப் பங்கைக் கொடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் ஏறியது நமக்கு இல்லை.

இதைக் கையால் செய்கிறவர்களுக்குப் பங்கின் மேல் பாசம் குறுக்கே வரும். இந்த மாதம் ஏறும்போல் இருக்கிறது, விற்க வேண்டாம் என்று தோன்றும். அடுத்த மாதம் பிரீமியம் ஏறியிருக்கும்போது பேராசையில் கிட்டத்து ஸ்ட்ரைக்கை விற்றுவிட்டு, பங்கு பறிபோகும்போது வருத்தப்படுவார்கள். அதனால் மென்பொருள் தெரிந்தவர்கள் இதை ஸ்கிரிப்ட் வசம் ஒப்படைக்க விரும்புவது நியாயமே. எந்த ஸ்ட்ரைக், எந்த விலை என்பதை அமைதியான நேரத்தில் விதியாக எழுதி வைத்துவிட்டால், சந்தை நேரத்தில் மனம் அலைபாய இடமில்லை. அலுவலகத்தில் காலைக் கூட்டம் நடக்கும் நேரத்தில் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கவும் வேண்டாம். இவை உண்மையான லாபங்கள். ஆனால் இந்த லாபங்கள் ஸ்கிரிப்டின் எந்தப் பகுதியிலிருந்து வருகின்றன, ஆபத்து எந்தப் பகுதியில் இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கிறவர்கள் குறைவு. பிரித்துப் பார்க்க ஒரு கதை உதவும். இது மாதிரிக் கதை. எண்கள் கணக்குப் புரிவதற்காக வைத்தவை. நடக்கும் விதம் மட்டும் இந்தத் துறையில் பழகியவர்களுக்கு நன்றாகத் தெரிந்தது.

மயிலாப்பூரில் குடியிருக்கும் ஒரு மென்பொருள் பொறியாளர். அவரிடம் ஒரு நிறுவனத்தின் 500 பங்குகள் இருக்கின்றன. அந்தப் பங்கின் ஆப்ஷனில் ஒரு லாட் என்பதும் 500தான். பங்கின் விலை ரூ.1,400. மாதக் கடைசிச் செவ்வாயன்று முடியும் ரூ.1,440 கால் ஆப்ஷனை ரூ.18க்கு ஒரு லாட் விற்க வேண்டும் என்பது திட்டம். பிரீமியமாக ரூ.9,000 வரும். காலை 9.20க்கு ஓடும்படி ஸ்கிரிப்டை வைத்திருக்கிறார். நெட்வொர்க் சொதப்பினால் மூன்று முறை முயலட்டும் என்று இப்படி எழுதியிருக்கிறார்:

```python
for i in range(3):
    try:
        broker.place_order(symbol, "SELL", 500, price=18)
        break
    except Timeout:
        time.sleep(2)
else:
    log("failed, will try tomorrow")
```

ஒரு நாள் காலை தரகரின் சர்வரில் நெரிசல். ஆர்டர் போய்ச் சேர்ந்தது, சந்தைக்கும் போனது, விற்றும் ஆனது. ஆனால் 'ஆர்டர் வந்து சேர்ந்தது, இதோ எண்' என்ற பதில் மட்டும் குறித்த ஏழு விநாடிக்குள் திரும்பி வரவில்லை. ஸ்கிரிப்ட் இரண்டு விநாடி பொறுத்து இரண்டாம் ஆர்டரை அனுப்பியது. அதுவும் விற்றது, அதற்கும் பதில் இல்லை. மூன்றாவதும் அப்படியே. 9.20 தாண்டி அரை நிமிடத்துக்குள் மூன்று லாட் விற்றாகிவிட்டது. ஸ்கிரிப்டின் பதிவேட்டில் 'தோல்வி, நாளை முயல்வோம்' என்று ஒரு வரி. கணக்கில் மூன்று, ஸ்கிரிப்டின் நினைப்பில் பூஜ்யம். சொன்னபடி மறுநாளும் ஓடியிருந்தால் இன்னும் விற்றிருக்கும். இரவு மின்னஞ்சலில் வந்த கான்ட்ராக்ட் நோட்டில் ஒரே ஆப்ஷன் மூன்று வேறு ஆர்டர் எண்களில், ஒன்பது ஒன்பது விநாடி இடைவெளியில் வரிசையாக இருந்ததைப் பார்த்துத்தான் அவருக்கு விஷயம் தெரிகிறது.

தி.நகர் கடையில் யுபிஐயில் பணம் போட்டவர்களுக்கு இந்த நிலை புதிதல்ல. நம் கணக்கில் கழிந்துவிட்டது, கடைக்காரரின் ஒலிபெருக்கி வாயே திறக்கவில்லை. 'வரலை மேடம், இன்னொரு தடவை போடுங்க' என்கிறார். விவரம் தெரிந்தவர் மறுபடி போட மாட்டார். முதலில் வரவு செலவைத் திறந்து பார்ப்பார். ஸ்கிரிப்ட் செய்யத் தவறியது இந்த ஒன்றைத்தான். பதில் வராததை அது மறுப்பு என்று எடுத்துக்கொண்டது. விலை கேட்பது, இருப்பைப் பார்ப்பது போன்ற வேலைகளில் பதில் வராவிட்டால் எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பக் கேட்கலாம், ஒன்றும் கெடாது. ஆர்டர் போடுவது அப்படியல்ல. இரண்டையும் ஒரே `except` வரியில் கட்டியதுதான் பிழை.

இந்தப் பிழை எவ்வளவு பெரியது என்று கணக்குப் போட்டால்தான் தெரியும். எக்ஸ்பைரி அன்று பங்கு ரூ.1,500க்குப் போயிற்று என்று வைத்துக்கொள்வோம். திட்டப்படி ஒரே லாட் விற்றிருந்தால், பங்கில் ரூ.50,000 லாபம். விற்ற காலில், 1,440க்கு மேல் ஏறிய 60 ரூபாயிலிருந்து வாங்கிய 18 ரூபாயைக் கழித்தால் பங்குக்கு 42 வீதம் ரூ.21,000 நஷ்டம். நிகரமாக ரூ.29,000 கையில் நிற்கும். மேலே எவ்வளவு ஏறினாலும் இதற்கு மேல் வராது, குறையவும் குறையாது. இப்போது கூடுதலாக விற்ற இரண்டு லாட்டைச் சேர்த்துப் பாருங்கள். அவை ஒவ்வொன்றும் ரூ.21,000 நஷ்டம், ஆக ரூ.42,000. ரூ.29,000 லாபம் ரூ.13,000 நஷ்டமாக மாறுகிறது. கையில் உள்ள பங்கு நூறு ரூபாய் ஏறியும் அவருக்கு நஷ்டம். ரூ.1,600 என்றால் ரூ.1,13,000 போகும். அதற்கு மேல் பங்கு ஏறும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ஆயிரம் ரூபாய் வீதம் போய்க்கொண்டே இருக்கும்.

அதாவது கவர்டு காலின் பாதுகாப்பு எல்லாம் ஒரு விகிதத்தில் இருக்கிறது: இருக்கும் பங்குக்கு மேல் விற்காதே. அந்த விகிதம் தப்பினால் பெயர் மட்டும்தான் கவர்டு; உள்ளே இருப்பது பங்கே இல்லாமல் கால் விற்கும் வேறொரு வியாபாரம். இந்தியாவில் 2019 அக்டோபரிலிருந்து எல்லாப் பங்கு ஆப்ஷன்களும் பங்கையே கொடுத்துத் தீர்ப்பவை. ஸ்ட்ரைக்குக்கு மேலே முடிந்தால் மூன்று லாட்டுக்கு 1,500 பங்கு ஒப்படைக்க வேண்டும். 500 வைத்திருப்பவர் மீதி ஆயிரத்தைச் சந்தையில் வாங்க வேண்டும், இல்லையேல் ஏலத்தில் மாட்டுவார்.

நம் பொறியாளர் மறுநாள் காலையில் கூடுதல் இரண்டு லாட்டையும் ரூ.25க்குத் திரும்ப வாங்குகிறார். நஷ்டம் ரூ.7,000, அத்தோடு கட்டணங்கள். வலிக்கும், ஆனால் தாங்கலாம். இதைவிட மோசமானது பிழை லாபம் கொடுப்பது. அந்த மாதம் பங்கு ரூ.1,380க்கு இறங்கி முடிந்திருந்தால், ஒரு லாட் விற்றவருக்கு ரூ.1,000 நஷ்டம், தப்பாக மூன்று லாட் விற்றவருக்கு ரூ.17,000 லாபம். எக்ஸ்பைரி வரை கவனிக்காமல் இருந்தவர் மாத முடிவில் கணக்கைப் பார்த்து முறை நன்றாக வேலை செய்கிறது என்று நினைத்துக்கொள்வார். விலை ஏறாத மாதங்களில் எல்லாம் இந்தப் பிழை பரிசு கொடுத்துக்கொண்டே இருக்கும். ஆகவே லாப நஷ்டத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. லாட்டை எண்ணித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சரி, நடுவில் யாரும் தடுத்திருக்க மாட்டார்களா? இங்கேதான் இந்தியச் சந்தையின் ஒரு தன்மையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்கத் தரகர்கள் ஆப்ஷன் கணக்குக்குப் படிநிலை வைத்திருக்கிறார்கள். கவர்டு கால் மட்டும் அனுமதிக்கப்பட்ட கணக்கில், பங்கு இல்லாமல் இரண்டாவது காலை விற்கப் போனால் தரகரே மறுத்துவிடுவார். நம் ஊரில் அப்படி ஒரு கட்டம் இல்லை. டீமேட்டில் பங்கு இருக்கிறது என்பதற்காக விற்ற காலுக்கு மார்ஜின் குறைவதில்லை. அந்தப் பங்கையே பிளெட்ஜ் வைத்து, ஒரு வெட்டுப் போக மீதி மதிப்பை மார்ஜினாகக் காட்டலாம், அவ்வளவுதான். தரகரின் கணினிக்கு முதல் லாட்டும் வெறும் கால் விற்பனை, மூன்றாவது லாட்டும் வெறும் கால் விற்பனை. மார்ஜின் போதுமா என்று மட்டும் கேட்கும். நம் பொறியாளரின் பிளெட்ஜ் மதிப்பும் ரொக்கமும் சேர்ந்து மூன்று லாட்டுக்கும் போதுமானதாக இருந்ததால் மூன்றும் உள்ளே போயின. கணக்கில் பணம் தாராளமாக வைத்திருப்பவருக்குத்தான் இந்தத் தடை இல்லாமல் போகிறது என்பது கவனிக்க வேண்டிய முரண்.

செபி 2025 பிப்ரவரி 4 அன்று சில்லறை முதலீட்டாளர்களின் அல்கோ வர்த்தகத்துக்கு விதிகள் வெளியிட்டது. யார் வேண்டுமானாலும் எங்கிருந்து வேண்டுமானாலும் ஏபிஐயைத் தொடுவது நின்று, பதிவு செய்த நிலையான ஐபி முகவரியிலிருந்துதான் ஆர்டர் வர வேண்டும் என்று ஆயிற்று. சொந்தமாக எழுதிய அல்கோ, குறித்த வேகத்தைத் தாண்டினால் தரகர் வழியாகச் சந்தையில் பதிவு செய்ய வேண்டும். சந்தைகள் அந்த வேகத்தை விநாடிக்கு 10 ஆர்டர் என்று வைத்தன. இதனால் ஆர்டர் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பது எளிதாகியிருக்கிறது, வெள்ளமாகக் கொட்டுவதும் கட்டுக்குள் வரும். ஆனால் நம் கதையில் ஒன்பது விநாடிக்கு ஒரு ஆர்டர்தான். நிலையான ஐபியிலிருந்து, உரிய அனுமதியோடு, நிதானமாக மூன்று முறை தப்பு நடந்தது. விதிகள் சந்தையைக் காக்கின்றன. உங்கள் கணக்கில் எத்தனை பங்குக்கு எத்தனை கால் என்பது அவற்றின் கவலை அல்ல.

வீட்டு ஸ்கிரிப்ட்தானே இப்படித் தடுக்கி விழும், பெரிய நிறுவனங்களில் நடக்காது என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் நைட் கேபிடல் நிறுவனம் 2012 ஆகஸ்ட் 1 அன்று காலை 45 நிமிடத்தில் 46 கோடி டாலருக்கு மேல் இழந்தது. புது நிரலை எட்டு சர்வர்களில் ஏற்ற வேண்டியவர்கள் ஒன்றை விட்டுவிட்டார்கள். அந்த ஒன்றில், பல ஆண்டுகளாகப் பயன்படாமல் கிடந்த பழைய நிரல் உயிர் பெற்றது. ஒரு பெரிய ஆர்டரைச் சிறுசிறு ஆர்டர்களாகப் பிரித்து அனுப்புவது அதன் வேலை. இதுவரை எவ்வளவு நிறைவேறியிருக்கிறது என்று எண்ணி நிறுத்தும் பகுதியை 2005இல் வேறு இடத்துக்கு மாற்றியிருந்தார்கள். மாற்றிய பின் இந்தப் பழைய நிரலைச் சோதித்துப் பார்க்கவில்லை. எண்ணுகிறவர் இல்லாததால் அது அனுப்பிக்கொண்டே இருந்தது. 212 வாடிக்கையாளர் ஆர்டர்கள் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பரிவர்த்தனைகளாகப் பெருகின. சந்தை திறக்கும் முன்பே பழைய நிரலின் பெயரைச் சொல்லி 97 மின்னஞ்சல்கள் தானாகவே ஊழியர்களுக்குப் போயிருந்தன. அவற்றை எச்சரிக்கை என்று யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அளவில் வேறுபாடு உண்டு, நோய் ஒன்றே: அனுப்பும் கை, எண்ணும் கண்ணிலிருந்து துண்டிக்கப்பட்டுவிட்டது.

இனி பாதுகாப்புகளைப் பார்ப்போம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பலமும் ஒரு ஓட்டையும் இருக்கின்றன.

முதலில் எல்லோரும் சொல்வது, ஒவ்வொரு ஆர்டருக்கும் தனி அடையாளம் கொடுப்பது. உலகெங்கும் தரகு நிறுவனங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ஃபிக்ஸ் நெறிமுறையில் `ClOrdID` என்ற புலம் இதற்காகவே இருக்கிறது. இது ஏற்கெனவே அனுப்பியதாக இருக்கலாம் என்று சொல்ல `PossResend` என்ற கொடியும் உண்டு. அதே எண்ணில் இரண்டாவது ஆர்டர் வந்தால் பெறுபவர் அடையாளம் கண்டு தள்ளிவிடலாம். ஆனால் சில்லறை வாடிக்கையாளருக்குக் கிடைக்கும் ஏபிஐகள் பலவற்றில் இருப்பது `tag` போன்ற ஒரு குறிப்புப் புலம் மட்டுமே. ஒரே குறிப்போடு இரண்டு ஆர்டர் வந்தாலும் தரகர் இரண்டையும் ஏற்றுக்கொள்வார். ஆகவே குறிப்பு போடுவது பின்னால் தேடிக் கண்டுபிடிக்க உதவும், முன்னால் தடுக்காது. இந்த வித்தியாசம் தெரியாமல் குறிப்பை நம்பியிருப்பவர்கள் பூட்டாத கதவில் பெயர்ப்பலகை மாட்டியவர்கள்தான்.

இரண்டாவது, அனுப்பும் முன் எண்ணுவது. ஸ்கிரிப்டின் சொந்த நினைவைக் கேட்காமல், தரகரிடம் உள்ள நிலவரத்தைக் கேட்டு, இன்னும் எத்தனை லாட் விற்க இடமிருக்கிறது என்று கணக்கிட வேண்டும்:

```python
room = held // lot - short_lots - pending_lots
if room < 1:
    stop()
```

மூன்று உறுப்புகளில் கடைசியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். விற்ற நிலைகளை மட்டும் பார்த்தால், விலை வராமல் காத்திருக்கும் ஆர்டர் கண்ணில் படாது. ஸ்கிரிப்ட் 'ஒன்றும் விற்கவில்லை' என்று இன்னொன்றை அனுப்பும். பிறகு விலை தொட்டதும் இரண்டும் சேர்ந்து விற்கும். முதல் உறுப்பிலும் ஒரு குழி இருக்கிறது. பிளெட்ஜ் வைத்த பங்கை இருப்புப் பட்டியலில் தனிப் புலத்தில் காட்டும் தரகர்கள் உண்டு. அதைக் கூட்டாவிட்டால் `held` பூஜ்யமாகி ஸ்கிரிப்ட் எப்போதும் நின்றுவிடும். நிற்கிறதே என்று எரிச்சலில் இந்தச் சோதனையையே எடுத்துவிடும் ஆசையும் அப்போதுதான் வரும். சரியாக எழுதினாலும் இது முழுப் பூட்டு அல்ல. ஆர்டர் போய், ஆர்டர் புக்கில் தெரியச் சில விநாடிகள் ஆகலாம். அந்த இடைவெளியில் எண்ணினால் பழைய எண்தான் கிடைக்கும்.

அதனால் மூன்றாவது பாதுகாப்பு தேவைப்படுகிறது: பதில் வராவிட்டால் திரும்ப அனுப்பாமல் நிற்பது. அனுப்புவதற்கு முன்பே 'இன்று இந்த ஆர்டரை அனுப்பப் போகிறேன்' என்று கோப்பில் எழுதிவிட வேண்டும். பதில் வராவிட்டால் ஒரு நிமிடம் பொறுத்து ஆர்டர் புக்கில் தன் குறிப்பைத் தேட வேண்டும். இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் மறுபடி அனுப்பாமல், ஃபோனுக்குச் செய்தி தட்டிவிட்டு நின்றுவிட வேண்டும். ஸ்கிரிப்ட் நடுவில் செத்து மறுபடி எழுந்தாலும் கோப்பைப் பார்த்து, 'அனுப்பியிருக்கலாம்' என்றே எடுத்துக்கொள்ளும். சில நாள் விற்காமலே போகும். போகட்டும். விற்காமல் விட்டால் இழப்பது அதிகபட்சம் ஒரு மாதப் பிரீமியம், இங்கே ரூ.9,000. கூடுதலாக விற்றால் இழப்புக்கு மேல்வரம்பு இல்லை. எந்தப் பக்கம் தவறலாம் என்று முன்கூட்டியே முடிவு செய்வதுதான் பாதுகாப்பின் உயிர்.

இதே விதியை எல்லா ஆர்டருக்கும் போட்டால் அதுவும் தப்பு. விற்ற காலைத் திரும்ப வாங்கி மூடும் ஆர்டருக்குப் பதில் வரவில்லை என்றால், நின்றுவிடுவதுதான் அங்கே ஆபத்து. மூடிவிட்டோம் என்று நினைத்து எக்ஸ்பைரிக்குப் போய்விடலாம். தவறி இரண்டு முறை வாங்கினால், கையில் ஒரு கால் ஆப்ஷன் மிஞ்சும், அதில் போகக்கூடியது கொடுத்த விலை மட்டுமே. ஆகவே விற்கும் பக்கம் கஞ்சத்தனமாகவும், மூடும் பக்கம் விடாப்பிடியாகவும் ஸ்கிரிப்ட் நடந்துகொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே `place_order` உறை எழுதிவைக்கும் நல்ல மென்பொருள் பழக்கம் இங்கே நேர்மாறாகிறது.

இவற்றையெல்லாம் சோதிப்பதும் நினைப்பது போல எளிதல்ல. பயிற்சிக் கணக்குகள் எப்போதும் சமர்த்தாகப் பதில் சொல்லும். ஆர்டரை ஏற்கும் அல்லது மறுக்கும். ஏற்றுக்கொண்டு மௌனமாக இருப்பதை அவை நடித்துக் காட்டுவதில்லை. அதைச் செய்யும் ஒரு பொய்த் தரகரை நாமே எழுத வேண்டும்: ஆர்டரைப் பட்டியலில் சேர்த்துக்கொள், பதில் சொல்லாதே, முப்பது விநாடி கழித்துத்தான் ஆர்டர் புக்கில் காட்டு. அந்தத் தரகரிடம் ஸ்கிரிப்டைப் பத்து முறை ஓடவிட்டு, விற்ற லாட் ஒருமுறையாவது ஒன்றைத் தாண்டுகிறதா என்று பார்க்க வேண்டும். தாண்டினால் உண்மைக் கணக்கின் பக்கமே போகக்கூடாது.

இப்போது தொடக்கக் கேள்விக்கு விடை சொல்லலாம். ஸ்கிரிப்டின் லாபம் என்று நாம் எண்ணியவை, அதாவது விதி மாறாமை, ஸ்ட்ரைக் தேர்வு, பிரீமியக் கணக்கு, லாட் எண்ணிக்கை, எல்லாம் ஆர்டரை அனுப்புவதற்கு முன்னால் முடிந்துவிடுகின்றன. ஆபத்து முழுவதும் அனுப்பும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. ஒரே நிறுவனத்தின் பங்கை வைத்திருப்பவருக்கு அந்த வரி மாதத்துக்கு ஒரு முறைதான் ஓடுகிறது. அந்த ஒரு அழுத்தலை மிச்சம் பிடிப்பதற்காகக் கோப்பு, குறிப்பு, காத்திருப்பு, பொய்த் தரகர் என்று இத்தனை காவல் போடுவது கட்டுபடியாகாத வியாபாரம். ஸ்கிரிப்ட் கணக்குப் போட்டு, இன்ன ஸ்ட்ரைக், இன்ன விலை, விற்க இடம் ஒரு லாட் என்று ஃபோனுக்கு அனுப்பட்டும். விற்பது தரகரின் செயலியில் பங்கு வைத்திருப்பவரின் கைவிரலாக இருக்கட்டும். பத்துப் பதினைந்து பங்குகளின் மேல் கால் விற்று, மாதத்தில் பலமுறை உருட்டுகிறவருக்குக் கணக்கு மாறும். கைவிரலும் தப்புச் செய்யத் தொடங்கும் அளவு அது. அங்கே அனுப்புவதையும் தானியங்கியாக்கலாம், மேலே சொன்ன மூன்று காவலும் மௌனத் தரகரின் சோதனையைத் தாண்டிய பிறகு.